கதவுக்கு வெளியே ஒரு தட்டு: வேலை தேட மறுத்த மகனும் அவருடைய பெற்றோரும்

இந்தக் குடும்பம் ஆலோசனைக்காக என்னிடம் வந்தபோது மகனுக்கு 27 வயது. அப்பாவுக்கு 61, பணி ஓய்வு பெற்று ஒரு வருடம்கூட ஆகவில்லை. அம்மாவுக்கு 57. தங்கை ஒருத்தி, 24 வயது, வேறு ஊரில் வேலை செய்துகொண்டு தனியாக இருந்தாள். வந்தவர்கள் அப்பாவும் அம்மாவும் மட்டும்தான். மகன் வரவில்லை. அடுத்த நான்கு மாதங்களுக்கு நான் அவரைப் பார்க்கவே இல்லை. இந்த நிகழ்வை எழுத அதுவே முக்கியக் காரணம். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

மகனை ‘அவர்’ என்று எழுதுவது தெரிந்தேதான். முதல் நாள் இருவரும் ஒரு மணி நேரம் பேசினார்கள். அவ்வளவு நேரமும் ‘பையன்’ என்றுதான் சொன்னார்கள். பையன் சாப்பிடவில்லை, பையன் எழுந்திருக்கவில்லை, பையனுக்குக் கோபம் வரும். கேட்டுக்கொண்டே வந்தால், பன்னிரண்டு வயதுக் குழந்தையைப் பற்றிப் பேசுகிறார்கள் என்றே தோன்றும்.

கதை இதுதான். 22 வயதில் படிப்பு முடிந்தது. உடனே வேலையும் கிடைத்தது. நான்கு மாதம் போனார். பிறகு ஒரு நாள் அலுவலகத்திலிருந்து வீட்டுக்கு போன் வந்தது: ஒன்பது நாளாக ஆள் வரவில்லையாம். ஆனால் அந்த ஒன்பது நாளும் காலையில் குளித்து, சட்டை மாட்டி, பையை எடுத்துக்கொண்டு கிளம்பி, மாலையில் திரும்பி வந்துகொண்டிருந்தார். எங்கே போனார் என்று அப்போது யாருக்கும் தெரியவில்லை. கேட்டதற்குப் பதிலும் இல்லை. அதற்கப்புறம் ‘போட்டித் தேர்வுக்குப் படிக்கிறேன்’ என்று இரண்டு வருடம். முதல் தேர்வை எழுதினார், தேறவில்லை. இரண்டாவதற்குப் பணம் கட்டினார், போகவில்லை. மூன்றாவதற்குப் பணமும் கட்டவில்லை. அதன்பிறகு தேர்வைப் பற்றி யாரும் பேசவில்லை. அறைக் கதவு மூடியே இருந்தது. விடியற்காலை ஐந்துக்குத் தூங்கி மதியம் இரண்டுக்கு எழுவது வழக்கமாகிவிட்டது. இப்படியே இரண்டரை வருடம்.

அப்பா கேட்ட முதல் கேள்வி: “சோம்பேறித்தனமா, வியாதியா, சொல்லுங்க சார். வியாதின்னா வைத்தியம் பாக்கறேன். சோம்பேறின்னா வெளிய அனுப்பறேன்.”

இந்தக் கேள்விக்கு அன்று நான் பதில் சொல்லவில்லை. எதிரில் இல்லாத ஒருவர்மீது நோயின் பெயரை ஒட்ட முடியாது. ஒட்டினால் அது ஜோசியம். ஆனால் சில விஷயங்களைப் பெற்றோரிடம் விசாரித்தே ஆகவேண்டும், ஏனென்றால் அவற்றுக்கு ‘ஆம்’ என்று பதில் வந்தால் அடுத்த வேலையே வேறு. தனியாகப் பேசிச் சிரிக்கிறாரா, யாரோ கண்காணிப்பதாகச் சொல்கிறாரா, சாவைப் பற்றிப் பேச்சு எடுத்திருக்கிறாரா, உடம்பு சட்டென்று இளைத்ததா, குளிப்பது நின்றுவிட்டதா, போதைப் பழக்கத்துக்கான அறிகுறி இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். எல்லாவற்றுக்கும் இல்லை என்றுதான் வந்தது. பிறகு அம்மா யோசித்துவிட்டு ஒன்று சொன்னார்: “ராத்திரி பதினோரு மணிக்கு மேல கடைக்குப் போய்ட்டு வருவான் சார். பகல்ல போகச் சொன்னா மாட்டான்.”

அந்த ஒரு வரியை நான் கட்டம் கட்டிக் குறித்துக்கொண்டேன். வெறும் சோம்பேறித்தனம் என்றால் பதினோரு மணிக்கும் போகமாட்டார். உலகமே வெறுத்துப்போனவராக இருந்தாலும் போகமாட்டார். ஆட்கள் இல்லாத நேரம் பார்த்துப் போகிறார். அப்படியானால் இவர் வேலையை மட்டும் தவிர்க்கவில்லை. மனிதர்களின் பார்வையைத் தவிர்க்கிறார். இது என் ஊகம், அவ்வளவுதான். ஆனால் என் வேலையைத் தொடங்க அது போதும்.

நோட்டுப் புத்தகம்

முதல் வாரத்துக்கு நான் கொடுத்த வேலை ஒன்றே ஒன்று. மகன் என்ன செய்கிறார் என்று எழுதக்கூடாது. மகனுக்காக, மகனை முன்னிட்டு, நீங்கள் இருவரும் என்ன செய்கிறீர்கள் என்று எழுதுங்கள். சிறிதோ பெரிதோ, எல்லாவற்றையும்.

அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. “நாங்க என்ன சார் பண்றோம், தப்பு பண்றது அவன்” என்றார். ஆனாலும் எழுதினார்கள். ஏழு நாளில் 41 வகையான செயல்கள் வந்தன.

சில எதிர்பார்த்தவை. மதியம் இரண்டரைக்கு அம்மா சாப்பாட்டுத் தட்டை அறைக்கு வெளியே ஸ்டூலில் வைப்பார், காலித் தட்டு நாலு மணிக்கு அங்கேயே இருக்கும், எடுத்துக்கொள்வார். மகன் தூங்குவதால் பகல் பன்னிரண்டுவரை அப்பா டிவியைச் சத்தமில்லாமல் பார்ப்பார். போன் ரீசார்ஜ் தீர்வதற்கு முதல் நாளே போட்டுவிடுவார். புது எண்ணிலிருந்து அழைப்பு வந்தால் மகன் போனைக் கொண்டுவந்து அம்மாவிடம் நீட்டுவார், அம்மா பேசுவார். சொந்தக்காரர்கள் கேட்டால் ‘வீட்டிலிருந்தே ஆன்லைனில் வேலை’ என்று இருவரும் ஒரே குரலில் சொல்வார்கள். மூன்று வருடமாக வீட்டுக்கு விருந்தினர் யாரையும் அழைக்கவில்லை.

ஆனால் 23-வது வரிசையில் அப்பா கையெழுத்தில் இருந்த ஒன்றுதான் என்னை நிமிர்ந்து உட்காரவைத்தது: ‘வேலைக்கு விண்ணப்பம் அனுப்பினேன் (இந்த வாரம் 6).’

விசாரித்தால், மகன் பெயரில் ஒரு மின்னஞ்சல் கணக்கு தொடங்கி, தானே சுயவிவரம் தயாரித்து, ஒரு வருடமாக மகனுக்குத் தெரியாமல் விண்ணப்பித்து வந்திருக்கிறார். மூன்று முறை நேர்காணலுக்கு அழைப்பு வந்திருக்கிறது. மூன்று முறையும் அம்மா போனை எடுத்து ‘உடம்பு சரியில்லை’ என்று சொல்லியிருக்கிறார். வேலை தேட மறுக்கும் மகன் வீட்டில், வேலை தேடும் ஆள் ஒருவர் இருந்தார். அவருக்கு வயது 61.

இதற்குத் துறையில் ‘இடங்கொடுத்தல்’ என்கிற பொருளில் ஒரு சொல் உண்டு. ‘இடம் கொடுத்தால் மடம் பிடுங்குவான்’ என்கிற பழமொழியின் அர்த்தத்தில் அல்ல. ஒருவருக்குப் பதற்றம் வராமல் இருக்க, சுற்றியிருப்பவர்கள் தங்கள் நடத்தையை வளைத்துக்கொள்வதைச் சொல்கிறார்கள். தட்டு வைப்பது, பொய் சொல்வது, டிவியை அடக்குவது, விண்ணப்பம் அனுப்புவது எல்லாம் அதில் சேரும். ஒவ்வொன்றும் அன்றைக்கு நிம்மதி தரும். ஆனால் தவிர்த்ததெல்லாம் மறுநாள் இன்னும் பெரிதாகத் தெரியும். ஆகவே மறுநாள் இன்னும் கொஞ்சம் வளைய வேண்டியிருக்கும். கத்துவதும் இதே சக்கரத்துக்குள்தான் வருகிறது. அப்பா இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை வெடிப்பார். மகன் மூன்று நாள் சாப்பிடாமல் இருப்பார். அப்பாவுக்குக் குற்ற உணர்ச்சி வந்து, நான்காம் நாள் ரீசார்ஜை அதிக நாளுக்குப் போட்டுவிடுவார்.

மகன் வராமலேயே பெற்றோருடன் மட்டும் வேலை செய்யும் முறை நான் கண்டுபிடித்தது இல்லை. டெல் அவிவ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹைம் ஓமர், வன்முறையற்ற எதிர்ப்பு என்ற கருத்தைப் பெற்றோர் பயிற்சிக்குள் கொண்டுவந்தார். யேல் பல்கலைக்கழகத்தின் எலி லெபோவிட்ஸ் அவருடன் சேர்ந்து வேலை செய்தவர். பெற்றோரைச் சார்ந்தே வாழும் வளர்ந்த பிள்ளைகளை அந்த நிலையிலிருந்து வெளியே கொண்டுவர, பெற்றோருக்கு மட்டும் கொடுக்கும் பயிற்சியைப் பற்றி இவர்கள் குழு 2012-இல் எழுதியது. 2020-இல் லெபோவிட்ஸ் குழு 124 குழந்தைகளை வைத்து ஒரு சோதனை வெளியிட்டது. பெற்றோருக்கு மட்டும் பயிற்சி கொடுத்ததும், குழந்தைக்கே நேரடியாகச் சிகிச்சை கொடுத்ததும் ஏறக்குறைய ஒரே பலனைத் தந்தன. ஆனால் அது 7 முதல் 14 வயதுவரையிலான பதற்றக் குழந்தைகளைப் பற்றியது. 27 வயதுக்காரருக்கு அதே அளவு ஆதாரம் இருக்கிறது என்று நான் யாரிடமும் சொல்வதில்லை. இந்தப் பெற்றோரிடமும் சொல்லவில்லை.

கெடு ஏன் பலிக்கவில்லை

என்னிடம் வருவதற்கு எட்டு மாதம் முன்பு அப்பா ஒரு கெடு வைத்திருந்தார். ‘மூணு மாசத்துக்குள்ள வேலை, இல்லன்னா வீட்டை விட்டுப் போ.’ மூன்று மாதம் முடிந்த அன்று எதுவும் நடக்கவில்லை. மகன் அறையைவிட்டு வெளியே வரவில்லை. அப்பா கதவைத் தட்டவில்லை. அம்மா வழக்கம்போல் தட்டை வைத்தார்.

நிறைய வீடுகளில் இதைப் பார்த்திருக்கிறேன். கெடுவின் சிக்கல் அது கடுமையாக இருப்பது அல்ல. அதை நிறைவேற்ற வேண்டிய ஆள் மகன் என்பதுதான். வேலை தேடுவதும் அவர் செய்யவேண்டியது, வெளியே போவதும் அவர் செய்யவேண்டியது. அவர் சும்மா இருந்தாலே கெடு தோற்றுவிடும். தோற்ற பிறகு அப்பாவின் அடுத்த வார்த்தைக்கு எடை குறைந்துவிடும். நேர்மாறாக, ஸ்டூலில் தட்டு வைப்பதை நிறுத்த மகனுடைய சம்மதம் தேவையில்லை. அது அம்மாவின் கை, அம்மாவின் தட்டு.

ஆகவே இலக்கை மாற்றினோம். ‘மகன் வேலைக்குப் போகவேண்டும்’ என்பதை நோட்டில் எழுதி, அடித்துவிட்டேன். அப்பாவுக்கு முகம் விழுந்துவிட்டது. 41-இல் எதை முதலில் நிறுத்துவது என்பதுதான் இனி கேள்வி என்றேன். தினமும் நடப்பதாக இருக்கவேண்டும், முழுக்க இவர்கள் கையில் இருக்கவேண்டும், இருவரும் மனதார ஒத்துக்கொள்ளவேண்டும்.

அப்பா இன்டர்நெட்டைத் துண்டிக்கலாம் என்றார். எல்லா அப்பாக்களும் முதலில் அதைத்தான் சொல்வார்கள். வேண்டாம் என்றேன். மகன் பேசிச் சிரிக்கும் இரண்டு மூன்று விளையாட்டு நண்பர்கள் அதற்குள்தான் இருக்கிறார்கள். மனிதர்களோடு மிச்சமிருக்கும் ஒரே நூல் அது. அதோடு அப்பா கோபத்தில் செய்வது போலவும் இருக்கும். தட்டு என்று முடிவானது. பெற்றோர் இருவரையும் ஒரே முடிவுக்குக் கொண்டுவர மட்டும் மூன்று அமர்வு பிடித்தது. “பட்டினி போடச் சொல்றீங்களா” என்று அம்மா அழுதார். சமையலறைக்குப் பூட்டு போடச் சொல்லவில்லை. சாப்பாடு மேசையில் இருக்கும், அடுப்பும் பாத்திரமும் இருக்கும், எப்போது வேண்டுமானாலும் எடுத்துச் சாப்பிடலாம். கதவுக்கு வராது, அவ்வளவுதான்.

அறிவிப்பு

நிறுத்துவதற்கு முன்னால் சொல்லவேண்டும். திடீரென்று நிறுத்தினால் அது பழிவாங்கலாகத் தெரியும். சொல்வதும் சண்டைக்கு நடுவில் இருக்கக்கூடாது. எழுதி, இருவரும் சேர்ந்து, அமைதியான ஒரு நாளில் படித்துக்காட்டி, தாளைக் கொடுத்துவிட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் வெளியே வரவேண்டும். ஐந்து முறை திருத்தி எழுதினோம். கடைசியில் நின்றது இது:

“உனக்கு ஏதோ ஒன்று பெரிய பாரமாக இருக்கிறது என்று எங்களுக்குத் தெரிகிறது. அது என்ன என்று கேட்காமல் கத்தியிருக்கிறோம். அது தப்பு. இன்னொரு தப்பும் செய்திருக்கிறோம். உனக்காக நாங்களே எல்லாம் செய்து, உன்னால் முடியாது என்று தினமும் உனக்குச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறோம். உன்னால் முடியும் என்று நினைக்கிறோம். அதனால் சில விஷயங்களை இனி நாங்கள் செய்யப்போவதில்லை. திங்கள்கிழமை முதல் சாப்பாடு மேசையில் இருக்கும், அறைக்கு வராது. இது தண்டனை இல்லை. நீ இந்த வீட்டில்தான் இருக்கிறாய், நாங்களும் இங்கேதான் இருக்கிறோம்.”

முதல் வடிவத்தில் அப்பா ‘உன் வயதில் நான்’ என்று ஒரு பத்தி எழுதியிருந்தார். அதை எடுக்கத்தான் அவருக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது. படித்துக்காட்டியபோது மகன் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அவர்கள் வெளியே வந்ததும் தாள் கிழியும் சத்தம் கேட்டதாம். சரி, கிழிக்கட்டும், காதில் விழுந்துவிட்டது என்றேன்.

முதல் வாரம்

திங்கள்கிழமை நாலு மணிக்கு மகன் கதவைத் திறந்தார். ஸ்டூல் இல்லை. மேசையில் மூடிவைத்த தட்டு இருந்தது, பக்கத்தில் அப்பா உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். கதவு மூடியது. செவ்வாய் அன்று அறைக்குள் இருந்த பிஸ்கட்டைச் சாப்பிட்டிருக்கிறார். அந்த இரண்டு நாளும் அம்மா எனக்கு ஏழு முறை போன் செய்தார்.

புதன் இரவு ஒரு மணி. அம்மா தூங்காமல் படுத்திருக்கிறார். நடையில் காலடிச் சத்தம். சமையலறை விளக்குப் போடும் சத்தம். லைட்டர் ஒரு முறை, இரண்டு முறை, மூன்று முறை, பற்றவில்லை. அம்மா எழுந்து உட்கார்ந்துவிட்டார். அப்பா அவருடைய மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். நாலாவது முறை பற்றியது. அப்புறம் ஒரு பாத்திரம் வைக்கும் சத்தம். “அது ஓட்டை லைட்டர் சார், எனக்கு மட்டும்தான் பத்தும்னு நெனச்சிட்டிருந்தேன்” என்று அம்மா என்னிடம் சொன்னார்.

ஐந்தாம் நாள் வெடித்தது. அறைக் கதவை எட்டி உதைத்துவிட்டு, “என்ன சாகடிக்கத்தான் பாக்கறீங்க, நானே செத்துப்போறேன்” என்றார். இடங்கொடுப்பதை நிறுத்தும்போது எதிர்ப்பு சில நாள் ஏறித்தான் பிறகு இறங்கும். ஆகவே இதற்கான ஏற்பாட்டை முன்கூட்டியே எழுதிவைத்திருந்தோம். சாவைப் பற்றிய பேச்சை ‘சும்மா மிரட்டுகிறான்’ என்று ஒருபோதும் தள்ளக்கூடாது. அதே சமயம் அதைக் கேட்டுப் பயந்து தட்டைத் திரும்பக் கொண்டுபோய் வைக்கவும் கூடாது. இரண்டும் தனித்தனி விஷயம். ஆபத்துக்கு ஆபத்துக்கான பதில், தட்டுக்குத் தட்டுக்கான பதில்.

ஆபத்துக்கான பதில் இப்படி இருந்தது. வீட்டிலிருந்த மாத்திரைகளை அன்றே பூட்டிவைத்தார்கள். அப்பா கதவருகில் நின்று நேராகவே கேட்டார்: “செத்துப்போகணும்னு யோசிக்கறியாப்பா? எப்படின்னு யோசிச்சிருக்கியா?” இப்படிக் கேட்டால் எண்ணத்தை விதைத்ததாகிவிடும் என்று பலர் பயப்படுகிறார்கள். அப்படி ஆவதில்லை. கேட்காமல் விடுவதுதான் ஆபத்து. வழி இன்னது என்றோ, நேரம் குறித்தோ பதில் வந்திருந்தால் அன்றிரவே மருத்துவமனைக்குப் போவதாக ஏற்பாடு. “எதுவும் யோசிக்கல, போங்க” என்று பதில் வந்தது. இரவு தனியாக விடவில்லை. தங்கைக்குப் போன் போனது, அவள் மறுநாள் காலை வந்து சேர்ந்தாள்.

அவளையும் நான் முன்பே தயார்படுத்தியிருந்தேன். அறிவுரை சொல்லக்கூடாது, வேலை என்ற சொல்லே வரக்கூடாது. அறை வாசலில் தரையில் உட்கார்ந்து தன் அலுவலகக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒரு மணி நேரம் கழித்துக் கதவு திறந்தது. அன்றுதான் அந்த ஒன்பது நாளின் கதை வெளியே வந்தது. ஒரு கூட்டத்தில் இருபது பேர் முன்னால் பேசச் சொல்லியிருக்கிறார்கள். எழுந்து நின்றவருக்கு வார்த்தை வரவில்லை, கை நடுங்கியிருக்கிறது. யாரோ சிரித்திருக்கிறார்கள். மறுநாள் அலுவலக வாசல்வரை போய்த் திரும்பிவிட்டார். அதன்பிறகு ஒன்பது நாளும் நூலகத்தில் உட்கார்ந்திருந்து வீட்டுக்கு வந்திருக்கிறார்.

அவ்வளவுதானா என்று அப்பா கேட்டார். எனக்கும் ஒரு நொடி அப்படித் தோன்றியது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த ஒரு நிமிடத்தை ஐந்து வருடம் தினமும் மனதில் ஓட்டிப் பார்த்தவருக்கு அது ‘அவ்வளவுதான்’ இல்லை.

நான் செய்த பிழை

ஏழாவது வாரம் தட்டு விஷயம் நிலைத்துவிட்டது. சொந்தக்காரர்களிடம் பொய் சொல்வதும் நின்றது. ‘வேலைக்குப் போகவில்லை, கஷ்டத்தில் இருக்கிறான், நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கிறோம்’ என்று சொல்லப் பழகினார்கள். அப்பா மின்னஞ்சல் கணக்கின் கடவுச்சொல்லை மகனிடமே கொடுத்துவிட்டு விண்ணப்பம் அனுப்புவதை நிறுத்தினார். எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்துவிட்டது. தூக்கத்தைச் சரிசெய்யலாம் என்று, இரவு ஒரு மணிமுதல் காலை ஆறுவரை வைஃபை ரவுட்டரை அணைக்கச் சொன்னேன்.

இரண்டு வாரம் தவறாமல் அணைத்தார்கள். மகனிடம் எந்த மாற்றமும் இல்லை. கோபம்கூட இல்லை. அதுதான் எனக்கு உறுத்தியது. விசாரித்தால், அவர் போன் டேட்டாவில் நிம்மதியாக விளையாடிக்கொண்டிருந்தார். அந்த டேட்டாவை மாதாமாதம் போட்டுக்கொண்டிருந்தது அப்பா. நோட்டில் அது எழுதியே இருந்தது. நான்தான் பார்க்கத் தவறிவிட்டேன். ஒரு கையால் அடைத்து மறுகையால் திறந்துவிட்டிருந்தோம். ஏதாவது ஒன்றை நிறுத்திய பிறகு சத்தமே இல்லையென்றால், அதே வேலையைச் செய்யும் இன்னொன்று எங்கோ ஓடிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். ரவுட்டர் திட்டத்தைக் கைவிட்டோம்.

அடுத்த சறுக்கல் அப்பாவுடையது. ஒன்பதாவது வாரம் மகன் முதன்முறையாக இரவுச் சாப்பாட்டுக்கு மேசைக்கு வந்து உட்கார்ந்தார். அப்பா சந்தோஷத்தில், “துரைக்கு இப்பதான் பொழுது விடிஞ்சுதா?” என்றார். கேலிதான், குத்தலாகச் சொல்லவில்லை. மகன் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனவர், பதினோரு நாள் மேசைக்கு வரவில்லை. நல்லது நடக்கும்போது என்ன சொல்வது என்று அவருக்கு நான் கற்றுக்கொடுக்கவே இல்லை. “எதுவும் சொல்லாதீங்க, குழம்பு வேணுமான்னு மட்டும் கேளுங்க” என்று அம்மா அவருக்குச் சொல்லிக்கொடுத்தார். நான் சொல்லியிருந்தால் இதைவிட நீளமாகச் சொல்லியிருப்பேன்.

அதன்பிறகு

நான்காவது மாத முடிவில் தங்கையுடன் மகன் ஒரு மனநல மருத்துவரைப் பார்த்தார். சமூகப் பதற்றக் கோளாறு, அதோடு மிதமான மனச்சோர்வு என்று மருத்துவர் சொன்னார். ஆக, அப்பாவின் முதல் கேள்விக்கு ஒரு பதில் கிடைத்தது. ஆனால் அதற்குள் அவர் அந்தக் கேள்வியை விட்டிருந்தார். மாத்திரை தொடங்கினார்கள். அதன் பலன் தெரியவே சில வாரம் ஆகும். கூடவே ஒரு சிகிச்சையாளருடன் படிப்படியாகப் பழகும் பயிற்சி. முதல் படி விண்ணப்பம் இல்லை. இரவு பதினொன்றுக்குப் போகும் கடைக்கு மாலை ஐந்துக்குப் போவது. அடுத்தது, வாங்கிய பொருளைப் பற்றிக் கடைக்காரரிடம் ஒரு கேள்வி கேட்பது. பதற்றம் தானாக இறங்கும்வரை அங்கேயே நிற்கவேண்டும் என்பதுதான் இதில் முக்கியம். பாதியில் ஓடிவந்தால் பயம்தான் ஜெயித்ததாக ஆகும்.

எட்டாவது மாதம், தங்கைக்குத் தெரிந்தவர் மூலம் ஒரு கிடங்கில் சரக்கு எண்ணும் வேலை. வாரத்தில் மூன்று இரவு, நாலு மணி நேரம். இதில்தான் நான் எதிர்பாராத முட்டுக்கட்டை வந்தது. பெற்றோர் உடைந்துபோனார்கள். படித்த படிப்புக்கு இதுவா என்று. ஐந்து வருடம் எந்த வேலையாவது கிடைத்தால் போதும் என்றவர்கள், வேலை வந்ததும் அந்த ஐந்து வருடத்தின் கணக்கைப் பார்த்துவிட்டார்கள். இரண்டு அமர்வு முழுக்க அதற்கே போயிற்று. அவர்களுடைய துக்கம் நியாயமானதுதான். அதை என் அறையில் கொட்டிவிட்டுப் போகவேண்டும், வீட்டு மேசைக்குக் கொண்டுபோகக் கூடாது என்று மட்டும் கேட்டுக்கொண்டேன்.

அந்த வேலை ஐந்து வாரம்தான். புதிதாக வந்த மேற்பார்வையாளர் எல்லோர் முன்னாலும் ஏதோ சொல்லிவிட்டார், மகன் நின்றுவிட்டார். கதவு மீண்டும் மூடியது. அம்மா போனில், “பழையபடி ஆயிடுச்சு சார்” என்றார். ஸ்டூலை எடுத்துப் போட்டீர்களா என்று கேட்டேன். இல்லை என்றார். அப்படியானால் பழையபடி ஆகவில்லை. மூன்று வாரத்தில் மகன் தானே, அப்பா கொடுத்த அந்த மின்னஞ்சலிலிருந்து, தரவு உள்ளீடு செய்யும் ஒரு வேலைக்கு விண்ணப்பித்தார். சென்ற முறை இதே இடைவெளி ஐந்து வருடம் நீண்டிருந்தது.

ஜப்பானில் இப்படி அறைக்குள் ஒடுங்குபவர்களைப் பற்றி 1998-இல் மனநல மருத்துவர் தமாகி சைட்டோ எழுதியபோது, ஆறு மாதத்துக்கு மேல் ஒதுங்கியிருப்பதை ஒரு எல்லையாக வைத்தார். இன்று அங்கே ‘8050’ என்ற சொல் புழங்குகிறது: எண்பது வயதுப் பெற்றோர், ஐம்பது வயதுப் பிள்ளை. அப்பா ஒருமுறை இதை எங்கோ படித்துவிட்டு வந்து கேட்டார். இந்த வழிமுறை எல்லா வீட்டிலும் பலிக்காது என்று அவரிடம் சொன்னேன். வீட்டில் அடிதடி இருந்தால், போதை இருந்தால், மனச்சிதைவின் அறிகுறி இருந்தால் தட்டிலிருந்து தொடங்கக்கூடாது, முதலில் அதற்கான சிகிச்சை. பெற்றோர் இருவரும் ஒத்துவராத வீட்டிலும் இது நிற்காது. ஒருவர் நிறுத்தியதை இன்னொருவர் ரகசியமாகச் செய்துவிடுவார்.

பதினான்காவது மாதம் மறுபடி ஒரு வாரம் நோட்டு எழுதச் சொன்னேன். 41 இருந்த இடத்தில் 9 இருந்தன. மகன் அதே வீட்டில்தான் இருக்கிறார். நாளொன்றுக்கு ஐந்து மணி நேரம் வேலை, வேலை நாட்களில் இரவு ஒரு மணிக்குள் தூக்கம், மின்கட்டணத்தில் ஒரு பகுதி அவர் கொடுக்கிறார். கூட்டங்களில் இன்னும் பேசுவதில்லை. தன் போனுக்குத் தானே ரீசார்ஜ் செய்துகொள்கிறார்.

மிச்சமிருந்த ஒன்பதில் ஒன்று, புது எண்ணிலிருந்து வரும் அழைப்பை அம்மா எடுப்பது. கடைசி அமர்வில் அதை நிறுத்த முடிவு செய்தோம். அந்த வாரமே ஒரு நாள் போன் அடித்திருக்கிறது. மகன் வழக்கம்போல் கொண்டுவந்து நீட்ட, அம்மா இரண்டு கையையும் மாவுப் பாத்திரத்துக்குள் விட்டுக்கொண்டாராம். அடித்து நின்றது. மறுபடி அடித்தது. மூன்றாவது முறை அடித்தபோது மகன் ஜன்னல் பக்கம் திரும்பி நின்று எடுத்து, “ஹலோ” என்றார். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, “இல்லைங்க, நீங்க நம்பர் தப்பாப் போட்டுட்டீங்க” என்று சொல்லி வைத்தார்.